செட்டிநாடு காட்டன் என்று இரண்டு சேலைகள்: எது கைத்தறி, அட்டை எதைச் சொல்கிறது?

வளர்மதி_திருச்சி

அத்தைக்கு அறுபது நிறைகிறது. இளமையில் கட்டிய கண்டாங்கியைப் போல ஒன்று வேண்டும், அதுவும் கைத்தறியாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இரண்டு இடங்களில் ஒவ்வொரு சேலை வாங்கி வைத்திருக்கிறேன். பொருந்தாததைத் திருப்பித் தரலாம் என்று இரு கடைகளிலும் பேசியிருக்கிறேன்.

முதல் சேலை 690 ரூபாய். கடுகு மஞ்சளில் கட்டம், அரக்குக் கரை. நூலில் கட்டித் தொங்கவிட்ட அட்டையில் "செட்டிநாடு ஹேண்ட்லூம் காட்டன்" என்றும், "நூறு சதவீதப் பருத்தி" என்றும், ஓரத்தில் "80" என்றும் அச்சிட்டிருக்கிறது. நூல் ஆங்காங்கே தடித்தும் மெலிந்தும் இருப்பதைக் காட்டி, இதுதான் கைத்தறிக்கு அடையாளம் என்றார் கடைக்காரர்.

இரண்டாவது 1,450 ரூபாய். அதே நிறங்கள்தான். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் முத்திரை துணியின் ஓரத்திலேயே குத்தியிருக்கிறது. கைத்தறி முத்திரை போட்ட சிறிய துணிப்பட்டை ஒன்றை எண்ணுடன் தைத்திருக்கிறார்கள். ஆனால் இதன் நூல் ஒரே சீராக, வழுவழுப்பாக இருக்கிறது. கையால் நெய்தது போலத் தோன்றுவது முதல் சேலைதான். எதை நம்புவது?

செந்தில்குமரன்

இரண்டு சோதனை போதும். முந்தியிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். காகிதம் எரிவது போல மணந்து சாம்பல் பொடியாக உதிர்ந்தால் பருத்தி. உருகி மணி மணியாகக் கெட்டியானால் பாலியஸ்டர் கலந்த விசைத்தறித் துணி. அடுத்து, சேலையின் இரு ஓரங்களிலும் ஊசித் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தறியில் துணி சுருங்காமலிருக்க நெசவாளர் முள் வைத்த குச்சியை இரு பக்கமும் மாட்டுவார். துளை இருந்தால் கைத்தறி, இல்லாவிட்டால் இயந்திரம்.

தறிவீட்டுப்பிள்ளை

செந்தில் சொன்னதில் கொளுத்திப் பார்ப்பது நூலைப் பற்றிய சோதனை. நூலில் பாலியஸ்டர் கலந்திருக்கிறதா என்பதை அது சொல்லிவிடும். ஆனால் பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறிகளில் ஓடுவதில் பெரும்பகுதி பருத்திதான். சுத்தப் பருத்தியைக் கொண்டு விசைத்தறியில் தாராளமாக நெய்யலாம். ஆகவே எரித்த நூல் சாம்பலாவதால் தறி எது என்பது தெரியாது. அட்டையில் உள்ள "நூறு சதவீதப் பருத்தி"க்கும் இதே கதைதான். அது நூலின் பெயர், தறியின் பெயர் அல்ல.

"80" என்பது நூலின் நம்பர். எண் கூடக் கூட நூல் மெலிதாகும். பழைய கண்டாங்கி 40-ஆம் நம்பர் போன்ற தடித்த நூலில் நெய்தது. அதனால்தான் அது கனமாக இருக்கும், பல ஆண்டுகள் உழைக்கும். 80 என்று போட்டிருப்பதைப் பார்த்து உயர்ந்த தரம் என்று நினைக்க வேண்டாம். அத்தை கட்டிய அந்தச் சேலை போல அது இருக்காது என்றுதான் அர்த்தம்.

துளை விஷயத்தில் ஒரு திருத்தம். விசைத்தறியிலும் துணியை இழுத்துப் பிடிக்க ஓரங்களில் முள் வளையங்கள் சுழல்கின்றன, அவையும் துளை போடும். துளை உண்டா இல்லையா என்பதைவிட, எப்படி விழுந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். வளையம் துணியோடு சேர்ந்து உருள்வதால் விசைத்தறியில் துளைகள் இடைவிடாமல், சம தூரத்தில், தையல் இயந்திரம் ஓடியது போல வரிசையாகப் போகும். கைத்தறியில் நெசவாளர் இரண்டு மூன்று அங்குலம் நெய்ததும் குச்சியைக் கழற்றி முன்னால் நகர்த்தி மாட்டுவார். துளைகள் அந்த இடைவெளியில் கொத்தாக விழும். இடைவெளியும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருக்காது. முள்ளுக்குப் பதில் கொக்கி போட்டுப் பிடிக்கும் நெசவாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் நெய்ததில் துளை தெரியாமலே போகலாம். துவைத்துத் தேய்த்த சேலையிலும் துளை மூடிக்கொள்ளும். அதனால் துளை இல்லை என்பதற்காக மட்டும் எதையும் ஒதுக்க வேண்டாம்.

இராஜேஸ்வரி_மதுரை

எனக்கும் இதே அனுபவம்தான். போன வருடம் வாங்கிய சுங்குடி முதல் தண்ணீரிலேயே சாயம் விட்டு, கூட ஊறிய வேட்டி முழுக்கச் சிவப்பாகிவிட்டது. கைத்தறி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். சாயம் போனால் போலி என்று வைத்துக்கொள்ளலாமா? கல் உப்புப் போட்டு ஊறவைத்தால் நிற்குமா?

தறிவீட்டுப்பிள்ளை

அம்மா, சாயம் போவது சாயப்பட்டறையின் குறை. நல்ல கைத்தறியிலும் சாயம் போகும், மோசமான விசைத்தறித் துணியிலும் சாயம் நிற்கும். இதை வைத்துத் தறியைக் கண்டுபிடிக்க முடியாது. அடர் நிறச் சேலையை முதல் சில முறை தனியாக அலசுங்கள். உப்பை நம்பி வேட்டியோடு ஊறப்போட வேண்டாம்.

சுங்குடி என்றதால் ஒன்று சொல்ல வேண்டும். மதுரை சுங்குடிக்கு 2005-இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் சுங்குடியின் சிறப்பு துணியை முடிச்சிட்டுச் சாயம் தோய்ப்பதில் இருக்கிறது. அடித்துணி பல நேரங்களில் விசைத்தறியில் நெய்ததாகவே இருக்கும். கையால் முடிச்சுப் போட்டது என்ற பேச்சு, கையால் நெய்தது என்று நம் காதில் விழுந்துவிடுகிறது. முடிச்சே போடாமல் புள்ளியை அச்சடித்த துணியும் அதே பெயரில் வருகிறது. அது வேறு விவகாரம்.

வளர்மதி, நீங்கள் சேலைகளைப் பகல் வெளிச்சத்தில் விரித்து மூன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். முதலில், நீளவாக்கில் உள்ள இரு ஓரங்கள். குறுக்காக ஓடும் ஊடை நூல் ஓரத்தில் திரும்பி உள்ளே போகிறதா, அல்லது வெட்டி விட்டாற்போல் பிசிறு நிற்கிறதா? அடுத்து, மஞ்சள் உடலும் அரக்குக் கரையும் சேரும் கோடு. அது நேராக இருக்கிறதா, பல் பல்லாக இருக்கிறதா, கரையின் அரக்கு நிறம் சுத்தமாக இருக்கிறதா? கடைசியாக, சேலையை ஜன்னலுக்கு எதிராகத் தூக்கிப் பிடித்து, ஊடை நெருக்கமாகவும் தளர்வாகவும் மாறி மாறிப் பட்டை தெரிகிறதா என்று பாருங்கள்.

நூல் தடிப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். தடிப்பும் மெலிவும் நூற்பில் வருவது, நெசவில் அல்ல. ஆலைகளில் ஸ்லப் என்று வேண்டுமென்றே தடிப்பு விட்டு நூற்றுத் தருகிறார்கள். அதை விசைத்தறியில் போட்டால் சொரசொரப்பான "கைத்தறித் தோற்றம்" தயார். சங்கத்துச் சேலையில் நூல் சீராக இருப்பதில் சந்தேகப்பட எதுவும் இல்லை. கைத்தறிக்கு வரும் நூலும் ஆலை நூல்தான், சிட்டமாக வருகிறது என்பதே வித்தியாசம். நூற்பதும் கையால்தான் என்றால் அது கதர். அதற்குத் தனி முத்திரை இருக்கிறது.

வளர்மதி_திருச்சி

பார்த்துவிட்டேன். கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கி வைத்தும் பார்த்தேன்.

இரண்டிலும் பிசிறு இல்லை. ஊடை நூல் ஓரத்தில் திரும்பித்தான் போகிறது. அப்படியானால் இரண்டுமே கைத்தறியா?

690 ரூபாய்ச் சேலையில் துளைகள் ஓரம் முழுக்க வரிசையாக இருக்கின்றன, நடுவில் விடுபடவே இல்லை. கரைக்கும் உடலுக்கும் இடையில் கோடு நேராக இருக்கிறது. கரை முழு அரக்காக இல்லை, பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மஞ்சள் மினுக்கு ஓடுகிறது. வெளிச்சத்தில் பட்டை எதுவும் தெரியவில்லை, நூல் தடிப்பு மட்டும்தான் தெரிகிறது.

சங்கத்துச் சேலையில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு முறை இரண்டு மூன்று துளைகள் சேர்ந்தாற்போல் இருக்கின்றன. சில இடங்களில் இடைவெளி கூடுகிறது. கரை சேரும் இடத்தில் இரண்டு நிறமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டது போலச் சின்னச் சின்னப் பல்லாக இருக்கிறது, பின்பக்கமும் அப்படியே. வெளிச்சத்தில் மெல்லிய பட்டைகள் தெரிகின்றன, ஏறக்குறைய அந்தத் துளைகள் உள்ள இடங்களிலேயே.

தறிவீட்டுப்பிள்ளை

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். கடைசி வரிதான் எனக்கு மிகவும் முக்கியம்.

ஓரத்தை முதலில் முடித்துவிடுவோம். பிசிறு நின்றிருந்தால், ஊடையைச் சுமந்து இருபுறமும் ஓடும் நாடா இல்லாத புதுவகை இயந்திரத் தறி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அது ஒவ்வொரு ஊடையையும் தனித்தனியாக வெட்டிப் போடும். ஆனால் நம் ஊர்ப் பழைய விசைத்தறிகளில் நாடா ஓடுகிறது, ஆகவே அங்கும் ஊடை திரும்பித்தான் வரும். பிசிறு இருந்தால் கைத்தறி இல்லை என்று சொல்லலாம், பிசிறு இல்லாவிட்டால் அதிலிருந்து எதுவும் தெரியாது.

இப்போது கரை. 690 ரூபாய்ச் சேலையில் மஞ்சள் ஊடை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை கரைக்குள்ளும் புகுந்து ஓடியிருக்கிறது. நீளவாக்கில் உள்ள பாவு மட்டும் அரக்கு. அதனால்தான் மஞ்சள் மினுக்கு. ஒரே நாடா போட்டு நெய்த சாதாரணக் கைத்தறியிலும் இப்படி வரும், இதை மட்டும் வைத்து அதைப் போலி என்று சொல்ல மாட்டேன். ஆனால் சங்கத்துச் சேலையில் நீங்கள் பார்த்த பல் கோர்வை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று. ஒவ்வொரு வரிசையிலும் உடல் நூலும் கரை நூலும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துத் திரும்ப வேண்டும். எங்கள் வீட்டில் அப்பா நெய்யும்போது மறு பக்க நாடாவைத் தள்ள நானோ தங்கையோ உட்கார்வோம். இந்த வேலையை இயந்திரத்தில் செய்வது கட்டுப்படியாகாது. அதனால் விலை மலிந்த போலிகளில் கரையைத் தனியாகச் சாயம் தோய்த்தோ, தைத்து ஒட்டியோ விடுகிறார்கள். சாயம் தோய்த்ததென்றால் கோடு கசிந்திருக்கும், பல் இருக்காது. தைத்ததென்றால் பின்பக்கம் தையல் தெரியும்.

அடுத்து அந்தப் பட்டைகள். விசைத்தறியில் நெய்த துணியைப் பல்சக்கரம் ஒவ்வொரு ஊடைக்கும் ஒரே அளவு சுருட்டிக்கொண்டே போகும். கைத்தறியில் சில அங்குலம் நெய்ததும் நெசவாளர் நிறுத்தி, பாவைத் தளர்த்தி, நெய்ததைக் கையால் சுருட்டுவார், குச்சியை நகர்த்துவார், மறுபடி அடிக்கத் தொடங்குவார். தொடங்கிய முதல் சில அடிகள் முந்தைய அடிகளைப் போல விழாது. பட்டையும் துளைக்கொத்தும் ஒரே இடத்தில் வருவதற்குக் காரணம் இரண்டுமே அந்த ஒரு நிறுத்தத்தில் விழுந்தவை என்பதே. நூலில் தடிப்பு விட்டு இதைப் போலச் செய்துவிட முடியாது.

என் முடிவு: சங்கத்துச் சேலை கைத்தறி. 690 ரூபாய்ச் சேலை விசைத்தறி என்பதற்கு வலுவான அறிகுறி அந்தத் துளை வரிசை. மற்றவை அதற்குத் துணை நிற்கின்றன.

ஜவுளிக்கடை_ஈரோடு

நான் இரண்டு வகையும் விற்கிறேன், அதனால் அட்டை பற்றி என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நூலில் தொங்கும் அட்டையைக் கடையே அச்சடிக்கிறது. அதில் "ஹேண்ட்லூம் காட்டன்" என்று போட யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. "செட்டிநாடு" என்பதும் இன்று ஊர்ப் பெயராக இல்லை, கட்டத்தின் பெயராகிவிட்டது. காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் "செட்டிநாடு காட்டன்" என்று எழுதுபவர் கண்டாங்கி என்று எழுதவில்லையே. சொல்லைப் பார்த்து வாங்கினால் இதுதான் நடக்கும்.

தைத்த கைத்தறி முத்திரை வேறு. 2006-இல் மத்திய அரசு கொண்டுவந்தது, ஜவுளிக் குழு நடத்துகிறது. நெசவாளரோ சங்கமோ வணிகரோ பதிவு செய்து, எண்ணிட்ட பட்டைகளை வாங்கித் தைக்க வேண்டும். ஒரே கடையில் இரண்டு சேலையில் ஒரே எண் இருந்தால் அது நகலடித்த பட்டை. 2015 முதல் இந்தியா ஹேண்ட்லூம் என்ற இன்னொரு முத்திரையும் இருக்கிறது. அது தறியோடு நிற்காமல் நூல், சாயம், நெசவுத் தரத்தையும் பார்க்கும். இராஜேஸ்வரி அம்மாவுக்குச் சாயம்தான் கவலை என்றால் அந்த முத்திரையைத் தேட வேண்டும். சில்க் மார்க்கைக் காட்டிக் கைத்தறி என்பவர்களும் உண்டு. அது பட்டு சுத்தமா என்பதை மட்டும் சொல்லும், விசைத்தறிப் பட்டுக்கும் கிடைக்கும்.

தறிவீட்டுப்பிள்ளை

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். முத்திரையைத் தைப்பது பதிவு செய்தவரே. ஒவ்வொரு சேலையும் தறியிலிருந்து இறங்கும்போது அரசு ஆள் பக்கத்தில் நிற்பதில்லை. எண் இருப்பதால், தவறு என்று தெரிந்தால் யாருடையது என்று பிடிக்க முடியும். அதன் பலம் அவ்வளவுதான், ஆனால் அதுவே பெரிய பலம். தொங்கும் அட்டைக்கு அந்தப் பொறுப்பும் இல்லை. ஆகவே பட்டையைப் பார்த்த பிறகும் துணியைப் பாருங்கள்.

செந்தில்குமரன்

விலையை வைத்துச் சொல்லிவிடலாமே? 690-க்குக் கைத்தறி எப்படிக் கட்டுப்படியாகும்?

தறிவீட்டுப்பிள்ளை

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அளவுகோலை வைத்து ஓர் அங்குலத்தில் எத்தனை ஊடை என்று எண்ண வேண்டும். 48 என்று வைத்துக்கொள்வோம். ஐந்தரை மீட்டர் சேலை ஏறக்குறைய 217 அங்குலம். பெருக்கினால் 10,400 ஊடை. நிமிடத்துக்கு 40 முறை நாடாவை ஓட்டினால், ஒரு முறைகூட நிறுத்தாமல் 260 நிமிடம். நாடாவுக்குள் ஊடை சுற்றிய தார் தீர்ந்ததும் மாற்றுவது, அறுந்த இழையை முடிவது, துணி சுருட்டுவது எல்லாம் சேர்ந்தால் ஒரு நாள் போய்விடும். மூன்று நாடாக் கோர்வை என்றால் இன்னும் மெதுவாகத்தான் நகரும். பாவு ஓட்டுவதும் தார் சுற்றுவதும் வீட்டில் மற்றவர்களின் உழைப்பு. நிமிடத்துக்கு 120 ஓடும் விசைத்தறி அதே துணியை ஒன்றரை மணிக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் முடிக்கும், ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்வார்.

690-இல் வரியும் கடை இலாபமும் போக 450 என்று வைத்து, சாயமிட்ட நூலுக்கு 200 கழித்தால் மிச்சம் 250. அதில்தான் அந்த நாள் முழுவதற்குமான கூலி.

ஜவுளிக்கடை_ஈரோடு

கணக்கு சரி, முடிவை ஏற்க மாட்டேன். அந்தக் கூலிக்கும் அதற்குக் குறைவாகவும் நெய்யும் வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். பண்டிகைத் தள்ளுபடி 30 சதவீதம் கழிந்தால் சங்கத்துச் சேலையும் விலை இறங்கும். மறுபக்கம், 690 ரூபாய் விசைத்தறிச் சேலைக்கே நல்ல கண்ணாடிப் பெட்டியும் அட்டையும் கொடுத்து 2,000-க்கு விற்கிறார்கள். விலை உயர்ந்தால் கைத்தறி என்று நினைப்பவர்களைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். விசைத்தறியை விசைத்தறி என்று சொல்லி விற்பதில் குற்றமில்லை, என் வாடிக்கையாளர்களில் தினமும் வேலைக்குக் கட்டுபவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள்.

தறிவீட்டுப்பிள்ளை

சொல்லி விற்றால் எனக்கும் சண்டை இல்லை. ஆனால் கைத்தறிக்கென்றே சில இரகங்களை ஒதுக்கி 1985-இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். இப்போதைய பட்டியலில் உள்ள 11 வகைகளில் சேலையும் ஒன்று. அதில் குறித்த இரகங்களை விசைத்தறியில் நெய்வதே தவறு. அட்டை பிறகுதான்.

முத்துச்சாமி_அருப்புக்கோட்டை

இதில் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. எங்கள் தெருவில் வயதானவர்கள் மிதிக்க முடியாமல் தறியில் சின்ன மோட்டார் வைத்திருக்கிறார்கள். பூ வேலைக்குப் பாவு இழைகளைப் பிரிக்கும் ஜக்கார்டைத் தூக்க மட்டும் மோட்டார், நாடா கையால்தான். முழங்கால் போனவர் வேறு என்ன செய்வார்? அவர் நெய்ததும் கைத்தறிதானே?

ஜவுளிக்கடை_ஈரோடு

மின்சாரம் தொட்டால் கைத்தறி இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். இன்று ஜக்கார்டு, நாளை நாடா என்று போனால் எங்கே கோடு போடுவது?

தறிவீட்டுப்பிள்ளை

நான் முத்துச்சாமி ஐயா பக்கம். ஊடையைப் போடுவதும் அடிப்பதும் கையாக இருக்கும்வரை துணியின் குணம் மாறாது. நான் மேலே சொன்ன பட்டையும் துளைக்கொத்தும் அந்தத் துணியிலும் அப்படியே இருக்கும். துணியைப் பார்த்து மோட்டார் இருந்ததா என்று என்னாலும் சொல்ல முடியாது. சட்டத்தின் சொற்களை வைத்துப் பேசினால் அண்ணனுக்கும் வாதம் இருக்கிறது.

வளர்மதி_திருச்சி

690 ரூபாய்ச் சேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். துளை வரிசையைக் காட்டியதும் கடைக்காரர், மொத்த வியாபாரி அப்படிச் சொல்லித்தான் கொடுத்தார் என்றார். பணம் தந்துவிட்டார், ஆனால் அதே அட்டையோடு மற்ற சேலைகள் இன்னும் அடுக்கில் இருக்கின்றன.

சங்கத்துச் சேலையை அத்தையிடம் காட்டினேன். கரைப் பல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, நூல் இதைவிடத் தடிப்பாக இருக்க வேண்டுமே என்றார். தறிவீட்டுப்பிள்ளை, 40-ஆம் நம்பர் நூலில் இன்னும் நெய்கிறார்களா? காரைக்குடிப் பக்கம் சங்கத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் நெய்து தருவார்களா?

தறிவீட்டுப்பிள்ளை

நேரில் போய்க் கேளுங்கள், சொல்லி வைத்து நெய்து வாங்கும் வழக்கம் உண்டு. ஒரு பாவில் பல சேலைகள் இறங்கும் என்பதால் ஒரே ஒரு சேலைக்காகத் தனியாகப் பாவு ஓட்ட மாட்டார்கள். அந்த நூல் தறியில் ஏறும்போது ஒன்று ஒதுக்கச் சொல்லுங்கள், அல்லது உறவில் இன்னும் சிலர் வாங்குவார்களா என்று கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய சேலை அத்தையிடம் இருந்தால் கையோடு கொண்டு போங்கள். நம்பரை வாயால் சொல்வதைவிட நெசவாளர் தொட்டுப் பார்ப்பது சரியாக இருக்கும்.

இராஜேஸ்வரி_மதுரை

வளர்மதி, நீங்கள் போகும்போது எனக்கும் ஒன்று சொல்லி வையுங்கள். சாயம் நிற்குமா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.